ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கற கிரியேட்டின்

"அண்ணா, வியாசர்பாடில ஒரே போர்ஷன்ல நானும் எங்க அண்ணன் ஃபேமிலியும் இருக்கோம். அண்ணன் பையனுக்கு ரெண்டரை வயசு, நாய் ஒண்ணும் இருக்கு. நானும் அண்ணனும் ஜிம்முக்காக தசை ஏத்துற கிரியேட்டின் பவுடர் எடுக்குறோம். ஜிம் மாஸ்டர் கவர்ல போட்டு குடுத்தாரு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி கிச்சன்ல வச்சிருக்கோம். குழந்தை எடுத்து வாயில போட்டுட்டா என்ன ஆகும்? எங்க வைக்கிறது? யாரு எவ்ளோ போட்டோம்னும் அடிக்கடி குழம்புது."

தம்பி, முதல்ல அந்த ஹார்லிக்ஸ் பாட்டில காலி பண்ணு. உள்ள இருக்கறத குப்பைல கொட்டிட்டு சீல் உடைக்காத டப்பா ஒண்ணு வாங்கு, அத பீரோல மேல் தட்டுல வச்சி சாவி போட்டு பூட்டு. காசு போச்சேன்னு பாக்காத.

ஏன் இவ்ளோ கறாரா சொல்றேன்னா, நான் மெடிக்கல் கடை கவுண்டர்ல நிக்கறவன், வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் குழந்தை விரல்ல தொட்டு நக்கிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் கூட உள்ள போனா வயித்து வலி, பேதி வரலாம், அவ்ளோதான். பயம் வேற எடத்துல இருக்கு. நம்ம ஏரியால வீட்டுக்கு வீடு கேரம் போர்டு இருக்கும், போர்டுல தூவுற பவுடர் நெறைய எடத்துல போரிக் பவுடர்தான், கரப்பானுக்கு மூலைல போடுறதும் அதே போரிக்தான். அது விஷம். அதையும் கிரியேட்டினையும் லேபிள் இல்லாத ரெண்டு பாட்டில்ல போட்டு பக்கத்துல வச்சா, தினமும் பாக்கற எனக்கே கண்ணால பாத்து பிரிக்க தெரியாது, காலைல அஞ்சரை மணிக்கு தூக்க கண்ணோட ஷேக்கர்ல போடுற உனக்கு எப்படி தெரியும்? இதுல ஹார்லிக்ஸ் பாட்டில்னா இன்னும் மோசம், அந்த பாட்டில்ல இருக்கறது பால்ல போட்டு குடிக்கிறதுன்னு குழந்தைக்கு தெரியும், வீட்டுக்கு வர்ற ஆயாவும் அப்படித்தான் நெனச்சி எடுப்பாங்க.

அப்புறம் அந்த கவர். இதான் எனக்கு தாங்க முடியாத விஷயம். பெரிய டப்பாவ பிரிச்சி கவர் கவரா கட்டி 'லூஸ்'ல விக்கிறாங்க, கேட்டா இம்போர்ட்டட்னு சொல்றாங்க. அதுல கிரியேட்டின் மட்டும்தான் இருக்கா, இல்ல ஜிம்முக்கு முன்னாடி சுறுசுறுப்புக்கு குடிக்கிற ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் கலந்திருக்கான்னு உனக்கும் தெரியாது, பாதி நேரம் விக்கிறவருக்கும் தெரியாது. ப்ரீ-வொர்க்அவுட்ல ஒரு ஸ்கூப்புக்கு 150 லேர்ந்து 300 மில்லிகிராம் காஃபின் இருக்கறது சகஜம், ஒரு கப் காபில சுமாரா 100தான். ரெண்டரை வயசு குழந்தை அத தின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், வலிப்பு வரைக்கும் போகலாம். டப்பால தயாரிச்சவன் பேரு, பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் இருக்கணும். கவர்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. நாளைக்கு குழந்தைய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனா டாக்டர் கேக்கற மொத கேள்வி 'என்ன தின்னுது'தான், அப்ப கவர நீட்டி என்ன சொல்லுவ?

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அத தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சில கம்பெனி டப்பா இல்லாம ஜிப் வச்ச பவுச்லயே விக்கிது, அது ஒரிஜினல்தான், தப்பில்ல. ஆனா நம்ம ஊர் கடல் காத்துல ஜிப் சரியா ஒட்டலன்னா ஈரம் ஏறி கட்டி கட்டியா ஆயிடும். அதுக்காக வேற பாட்டில்ல கொட்டாத. பவுச்ச அப்படியே மடிச்சி, லேபிள் வெளில தெரியற மாதிரி, இறுக்கமா மூடுற பெரிய டப்பாக்குள்ள பவுச்சோட இறக்கு. பவுடர் பவுச்ச விட்டு வெளில வரவே கூடாது, டப்பா மேல்சட்ட மாதிரிதான். உள்ள வர்ற சின்ன சிலிக்கா பாக்கெட்டையும் தூக்கி போடாத, அதுவும் உள்ளயே இருக்கட்டும், வெளில கெடந்தா குழந்தை வாயில போட்டு தொண்டைல அடைச்சிக்கும்.

எடம் ஏன் பீரோன்னா, ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கற வீட்ல சாவி போட்டு பூட்டற ஒரே எடம் அதுதான். அடுப்பு மேல் ஷெல்ஃப்ல ஆவி பட்டு கட்டி ஆயிடும். ஃப்ரிஜ் மேல வச்சா, ரெண்டரை வயசு பையன் ஸ்டூல் இழுத்து போட்டு ஏறுவான். ஃப்ரிஜ் உள்ள வச்சா தெறக்கும்போதெல்லாம் வேர்த்து ஈரம் எறங்கும். பீரோலயும் பாச்சா உருண்டை போட்ட தட்டுல வைக்காத. சின்ன சின்னதா கட்டி ஆனா ஒடச்சி போட்டுக்கலாம், நாத்தம் அடிச்சாலோ நெறம் மாறினாலோ தூக்கி போடு.

இப்ப அளவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லேர்ந்து 5 கிராம் போதும். லோடிங்னு ஒரு வாரம் 20 கிராம் போடணும்னு ஜிம்ல சொல்லுவாங்க, அது வேகத்துக்குத்தான், தினமும் 5 கிராம் போட்டாலும் மூணு நாலு வாரத்துல அதே எடத்துக்கு வந்துடுவ. ஷேர் பண்ற வீட்ல லோடிங்கே வேணாம், எண்ணிக்கை குழம்புறது அங்கதான் ஆரம்பிக்குது. கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது.

போன மாசம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு கடைக்கு வந்து வயிறு உப்புசமா இருக்கு, ரெண்டு மூணு வாட்டி போகுதுன்னாங்க. 250 கிராம் டப்பா, ஆளுக்கு 5 கிராம்னா ஒரு நாளைக்கு 10, இருபத்தஞ்சு நாள் வரணும். அவங்களுக்கு பதினேழு நாள்ல காலி. 250அ பதினேழால வகுத்தா கிட்டத்தட்ட 15 கிராம், அதாவது ஆளுக்கு ஏழரை. ஸ்கூப்ப எடுத்துட்டு வரச் சொல்லி தராசுல வச்சி பாத்தோம், தலை தட்டி போட்டா 5 கிராம், அவங்க கோபுரமா அள்ளினது 7 கிராமுக்கு மேல. ஸ்கூப் அளவுல கம்பெனிக்கு கம்பெனி ஒரு ஒழுங்கும் கெடையாது, ஒண்ணு 3 கிராம், ஒண்ணு 5, அத எறும்பு சைஸ் எழுத்துல அச்சடிக்கிறான், மூடிய குழந்தை தெறக்க முடியாத மாதிரி பண்ணவும் மாட்டேங்கிறான், இத கேக்கவும் ஆள் இல்ல. அதனால ஒரு தடவ உன் ஸ்கூப்ப சின்ன டிஜிட்டல் தராசுல எட போட்டு, கத்தி முதுகால தலை தட்டினா எவ்ளோன்னு பாத்து டப்பா மேல மார்க்கர்ல எழுது, தெறந்த தேதியையும் எழுது.

பீரோ கதவு உள்பக்கம் ஒரு மாச காலண்டர் ஒட்டு. நீ ஒரு கலர் பேனா, உங்க அண்ணன் ஒரு கலர், போட்டதும் டிக். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கலக்கவே வேணாம், அப்படித்தான் ஒரே ஆளுக்கு ரெண்டு வாட்டி உள்ள போகுது. போட்டோமா இல்லயான்னு சந்தேகம் வந்தா அன்னிக்கு விட்டுடு, மறுநாள் சேத்து போடாத. ஒரு நாள் விட்டா தசைல இருக்கறது கொறஞ்சிடாது.

ஷேக்கர்ல மிச்சம் வைக்காத, அது அடில படியும், கடைசி வாய் குடிக்கிறவனுக்குத்தான் மொத்தமும். குடிச்சதும் கழுவி கவுத்துடு.

அப்படியும் குழந்தை வாயில போட்டுட்டா வாய தொடச்சி, கொஞ்சம் தண்ணி குடு. உப்பு தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காத. தின்னது என்னன்னு நிச்சயமா தெரியல, இல்ல ப்ரீ-வொர்க்அவுட், இல்ல போரிக்னா வீட்ல பாத்துட்டு இருக்காத, 108க்கு அடி, இல்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நேரா ஓடு, டப்பாவையும் கையோட எடுத்துட்டு போ. டெல்லி எய்ம்ஸ் விஷ தகவல் மையம் 1800 116 117, அத இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணி வை.

நாய்க்கு வெறும் கிரியேட்டின் கொஞ்சம்னா வயித்த கலக்கும். ஆனா ஃப்ளேவர் போட்டதுன்னா லேபிள்ல சர்க்கரைக்கு பதிலா போடுற சைலிட்டால், அப்புறம் காஃபின், கோகோ இருக்கான்னு பாரு. சைலிட்டால் உள்ள போன நாய்க்கு அரை மணி நேரத்துலயே சுகர் எறங்கி தள்ளாட ஆரம்பிக்கலாம், அது தெரியற வரைக்கும் காத்திருக்காம வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடி.