முதல் மக் ஆர்டருக்கு எங்கே போவது?

“மக்கில் படம் அடிக்கும் பிரஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.”

பக்கத்து போட்டோ ஸ்டுடியோவுக்குப் போங்கள். விசேஷப் படங்களோடு ஆட்கள் வருவது அங்கேதான். அவர்கள் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மக்கில் அடித்துக் கல்லாப் பக்கத்தில் வைக்கக் கொடுங்கள். விற்கும் விலையை அவர்களே முடிவு செய்யட்டும், உங்களுக்கு மொத்த வியாபார விலை போதும்.

என் முதல் ஆர்டர் அப்படி வந்ததுதான்: காதுகுத்துக்கு 12 மக். இரண்டில் கைப்பிடி ஓரம் வெளிறிப்போனது. அங்கே சூடும் அழுத்தமும் சரியாகச் சேராது. படத்தை ஒரு விரல் தள்ளியே ஒட்டுங்கள்.

அப்புறம், டி-சர்ட் கேட்டால் முதலில் துணியைப் பாருங்கள். மக்கில் அடிக்கும் சப்ளிமேஷன் மை பருத்தியில் பிடிக்காது, துவைத்ததும் மங்கிவிடும். வெளிர் நிற பாலியஸ்டர் என்றால் மட்டும் சரி சொல்லுங்கள்.