40 மெயிலில் 5 பதில், வெற்றி என்று சொல்லலாமா?

"இரண்டு சப்ஜெக்ட் லைன், தலா 40 மெயில். முதலாவதுக்கு 2 பதில், இரண்டாவதுக்கு 5. இனி இரண்டாவதையே அனுப்பலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். 5%, 12.5% என்று பார்த்தால் பெரிய வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் கையில் இருப்பது மொத்தம் 7 பதில்தான். ஒரு நாணயத்தை 7 முறை சுண்டினால், ஏதோ ஒரு பக்கம் ஐந்து முறையோ அதற்கு மேலோ விழ 45% வாய்ப்பு உண்டு. இரண்டு வரிகளும் ஒரே தரமாக இருந்தாலும் இந்த முடிவு சாதாரணமாக வரும்.

இரு பக்கமும் சம எண்ணிக்கையில் அனுப்பியிருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
(A - B)^2 / (A + B)
```

A, B பதில்களின் எண்ணிக்கை. விடை 4-ஐத் தாண்டினால் நம்பலாம். உங்களுக்கு 9/7, அதாவது 1.3. அதுவே 15-க்கு 5 என்றால் 100/20 = 5, தேறும்.

5% உண்மையிலேயே 10% ஆகிறதா என்று கண்டுபிடிக்கவே தலா 430 மெயில் வரை வேண்டும். எண்ணிக்கையை முன்பே முடிவு செய்து, கடைசியில் ஒருமுறை மட்டும் கணக்குப் போடுங்கள். தினமும் பார்த்து, 4-ஐத் தொட்டதும் நிறுத்தினால் தற்செயலே ஜெயிக்கும். பட்டியலைக் குலுக்கிப் பிரித்து, ஒரே நாளில் அனுப்புங்கள். 'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதில்களை எண்ணாதீர்கள். சின்னக் கணக்கில் அவை இரண்டு வந்தாலே முடிவு புரண்டுவிடும்.