மகளுக்கு 9 மணி, அப்பாவுக்கு 2 மணி

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. நீடாமங்கலம் பக்கம் கிராமம், 3 ஏக்கர் விவசாயம். 11 வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் மதமதப்பு இருக்கிறது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் என் போனில் ராத்திரி 9 மணிக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் பத்து நாளில் ஒருநாள்தான் பார்க்கிறேன். போன வாரம் குதிகால் பக்கத்தில் முள் குத்தியது 4 நாள் கழித்துத்தான் தெரிந்தது. எந்த நேரத்துக்கு வைத்தால் சரியாக வரும்?

பதில்: நேரத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த முள். இதைப் படித்ததும் பாதத்தைப் பாருங்கள். குத்தின இடம் சிவந்தோ, வீங்கியோ, மற்ற காலைவிடச் சூடாகவோ இருந்தால், நீர் வடிந்தால், வாடை வந்தால், தோல் கறுத்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சீமைக்கருவேல முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிடுவது உண்டு. டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் சொல்லுங்கள். ‘வலிக்கவே இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். மதமதத்த பாதம் வலியைச் சொல்லாது. அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறோம்.

இனி அலாரம். அந்த 9 மணி யாருடைய நேரம் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளை தூங்கியபின் உங்கள் மகள் போனைக் கையில் எடுக்கிற நேரமாக இருக்கும். நீங்கள் விடியற்காலையிலேயே தண்ணீர் பார்க்கப் போகிற ஆள். 9 மணிக்கு முக்கால் தூக்கத்தில் இருப்பீர்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உங்கள் ஓய்வு நேரத்தை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கேட்டாலும் சரியான பதில் வராது. மன்னார்குடிப் பக்கமிருந்து என்னிடம் வருகிற ஒரு விவசாயிக்கும் இதே சிக்கல்தான். “எப்போது சும்மா இருப்பீர்கள்?” என்று கேட்டேன். “ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் சும்மாதான்” என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். “சாப்பிட்ட கை காயறதுக்குள்ள குறட்டை வந்துடும் டாக்டர்.” நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஓய்வு நேரம் வேறு, உண்மையில் உட்காருகிற நேரம் வேறு.

அதனால் அவருக்கு 5 நாள் வேலை ஒன்று கொடுத்தேன். பாதத்தைப் பார்க்க வேண்டாம், உட்காருகிற நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள் என்றேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கே எப்போது பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் அதன் பின்பக்கம் எழுதினார். ஐந்து தாளையும் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். தினமும் திரும்பத் திரும்ப வந்தவை நான்கு: காலை 5.30க்கு டீக்கடை, 10.30 வாக்கில் வரப்பில் கஞ்சி, மதியம் 1.30க்குப் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்து திண்ணை, சாயங்காலம் 7க்கு டிவி முன்னால்.

நான்குமே ஓய்வு நேரம்தான். ஆனால் பாதம் பார்க்க அவற்றில் மூன்று உதவாது. டீக்கடையில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது யாரும் காலைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள், வெளிச்சமும் போதாது. வரப்பில் கால் முழுக்கச் சேறு. டிவி நேரத்தில் கால் கழுவியிருக்கும், உட்கார்ந்தும் இருப்பார், ஆனால் கண் காலில் இருக்காது. பாதத்தின் மேல்பக்கத்தைத் தடவிவிட்டு ‘பார்த்தாச்சு’ என்பார். மீதி இருந்தது மதியத் திண்ணை. கால் கழுவியிருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, சோறு பரிமாறும்வரை யாரும் கூப்பிடப் போவதில்லை. அலாரத்தை 1.40க்கு வைத்தோம். 1.30க்கே வைத்தால் பம்புசெட்டில் ஈரக் கையோடு நிற்கும்போது, திண்ணையில் கழற்றி வைத்த சட்டைப் பைக்குள் போன் தனியாக அடித்து ஓயும். உட்காருகிற நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் அடிக்க வேண்டும், முன்னால் அல்ல.

முதல் வாரம் 7 நாளில் 4 நாள் பார்த்தார். விட்டுப்போன 3 நாளில் ஒருநாள் பேங்குக்குப் போய்விட்டார். மற்ற இரண்டு நாளும் மூக்குக்கண்ணாடி உள்ளே அலமாரியில் இருந்தது, எழுந்து போகச் சோம்பல். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை, உள்ளங்கால் பார்க்க ஒரு கைக்கண்ணாடியோடு சேர்த்துத் திண்ணை மாடத்தில் வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் 6 நாள். இத்தனைக்கும் அலாரத்தின் நேரத்தை நாங்கள் தொடவே இல்லை.

மதியம் பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி மடை திருப்பப் போகும்போது முள் குத்தினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மறுநாள் மதியம் தெரிந்துவிடும். அடுத்த பார்வை 24 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் 4 நாள் விட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதம் பார்ப்பதற்கு இந்த மணிதான் என்று மருத்துவத்தில் விதி எதுவும் கிடையாது. தினமும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் இப்படி நம் ஓய்வுக்கு இழுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின், மாத்திரை இவற்றின் நேரத்தைச் சாப்பாடுதான் முடிவு செய்யும். அதில் ‘போட்டாச்சா’ என்ற கேள்வியும் போட்ட கையோடு வர வேண்டும். ராத்திரி கேட்டால், காலையில் போட்டோமா இல்லையா என்று குழம்பி இன்னொன்று போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. பாதத்தில் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு தரம் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் இதில் நேரத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

மகள் விஷயத்துக்கு வருவோம். நீங்களும் அந்த விவசாயி மாதிரி 5 நாள் குறித்துப் பாருங்கள். உங்களுக்கு மதியம் 2 மணி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அலாரம் 2 மணிக்கு மாறினால் அவர் ஆபீஸில் இருப்பார், போன் பண்ணிக் கேட்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 2 மணிக்கு இரண்டு உள்ளங்காலையும் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் தன்னுடைய 9 மணிக்குப் பார்க்கட்டும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கும் இதுதான் சுலபம், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ‘அப்பா, பார்த்தீங்களா?’ என்று கேட்டால் பார்க்காவிட்டாலும் ‘ம்’ என்று சொல்லிவிடலாம். போட்டோவில் அது நடக்காது. ஆனால் விரலிடுக்கு போட்டோவில் விழாது. அதை நீங்களோ உங்கள் மனைவியோ விரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் நம் பக்கத்தில் தொல்லை தொடங்கும். நடவு, களை என்று சேற்றிலேயே நின்றால் நான்காவது ஐந்தாவது விரலுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். அதன் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். எனவே குளித்ததும் விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள், எண்ணெய் அங்கே வேண்டாம். அப்புறம் குதிகால் வெடிப்பு, நக ஓரம், உள்ளங்காலில் புதுக் கொப்புளம், காய்ப்பு. கடைசியாகப் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு, ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமே 3 நிமிஷம். வயலுக்குள் செருப்போடு இறங்க முடியாது என்று தெரியும். வரப்பிலும் ரோட்டிலும் களத்திலும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு காலில் இருக்கட்டும்.

உங்கள் 2 மணி வருஷம் முழுக்கச் செல்லாது. ஆபீஸ்காரர்களுக்கு ஒருமுறை வைத்த அலாரம் போதும். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாற்றங்கால் விட்டதும் உங்கள் நாள் மாறும், நடவு ஆட்கள் வந்தால் மறுபடி மாறும், அறுவடையில் எல்லாமே தலைகீழ். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராப்பகலாகக் காவல் இருப்பீர்கள். அங்கே ஓய்வு ஏராளம், ஆனால் வீடும் திண்ணையும் இல்லை. அந்த நாட்களுக்கு அலாரத்தைக் காலை 8 மணிக்கு மாற்றி, இரண்டு கண்ணாடியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். வேலை மாறுகிற அன்றைக்கே அலாரத்தையும் மாற்றிவிட வேண்டும். போனில் மாற்றத் தெரியாவிட்டால் மகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் எப்படி என்று சொல்லித் தருவார்.

நேரம் தப்பிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரத்தில் 3 தரம் அலாரம் அடித்ததும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று அணைத்திருந்தால் அந்த நேரம் உங்களுக்கு இப்போது ஒத்துவரவில்லை. உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அரை மணி முன்னேயோ பின்னேயோ நகர்த்தி 5 நாள் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் காலண்டர் தாளை மறுபடி சட்டைப் பையில் போடுங்கள்.

முதல் வேலையாக அந்த 9 மணி அலாரத்தை நீக்கிவிடுங்கள். புதியதை வைத்துவிட்டுப் பழையதையும் விட்டுவைத்தால், ‘ராத்திரி ஒன்று அடிக்குமே’ என்று மதியத்தில் தள்ளிப்போடத் தோன்றும்.