சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை: கமிஷன் கணக்கைச் செய்தியிலேயே எழுதுவது எப்படி?

கேள்வி: சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் எடுக்க வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வேண்டும். போன முறை “சம்பளம் + இன்சென்டிவ், மாதம் 45,000 வரை சம்பாதிக்கலாம்” என்று போட்டோம். சேர்ந்த இரண்டு பேரும் இரண்டாவது மாதமே ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நிலையான சம்பளம் 20,000, டார்கெட் 4 லட்சம், 2 லட்சத்துக்கு மேல் 3 சதவீதம், 4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம். இதில் நாங்கள் எதை மறைத்தோம்?

பதில்: உங்கள் 45,000 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். ஒருவர் ஒரு மாதத்தில் 5 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். “4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம்” என்பதை, 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால் முழு 5 லட்சத்துக்கும் 5 சதவீதம் என்று அவர் படித்தால் கமிஷன் 25,000. சம்பளத்தோடு சேர்த்துச் சரியாக 45,000. ஆனால் பல அலுவலகங்களில் கணக்குப் பிரிவு அப்படிப் போடுவதில்லை. முதல் 2 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை, அடுத்த 2 லட்சத்துக்கு 3 சதவீதமாக 6,000, கடைசி 1 லட்சத்துக்கு மட்டும் 5 சதவீதமாக 5,000, ஆக 11,000 என்று போடுவார்கள். அப்போது கைக்கு வருவது 31,000. ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்ததில் 14,000 வித்தியாசம்.

உங்கள் நிறுவனத்தில் நடப்பது இந்த இரண்டாவது கணக்கு என்றால், 45,000 எடுப்பதற்கு ஒருவர் மாதம் 7,80,000 விற்க வேண்டும். அதாவது டார்கெட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. எந்த மாதத்திலும் யாரும் அதைத் தொட்டதில்லை என்றால், “45,000 வரை” என்று எழுதியதில் பொய் இல்லாவிட்டாலும், படித்தவர் நம்பியது நடக்க வாய்ப்பில்லாத ஒன்றைத்தான். “வரை” என்ற சொல்லைச் சம்பள வரியிலிருந்து நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, இப்போது வேலை பார்ப்பவர்கள் கடந்த 6 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் வாங்கிய மொத்தத் தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் தொகையை எழுதுங்கள். சராசரி வேண்டாம், நன்றாக விற்கும் ஒரே ஆள் சராசரியை மேலே தூக்கிவிடுவார். புதிய பணியிடம், முன்கணக்கு இல்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடலாம்.

அடுத்தது, என் அனுபவத்தில் புதியவர்கள் இரண்டாவது மாதத்தில் கிளம்புவதற்கு அடிக்கடி காரணமாகும் விஷயம்: கமிஷன் பில் போட்ட தொகைக்கா, வசூலான தொகைக்கா? உங்கள் கேள்வியிலேயே இது இல்லை. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் தொழிலில், முதல் மாதம் 4 லட்சத்துக்கு பில் போட்டவர் 6,000 கமிஷனை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அந்த மாதம் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்து சேர்ந்தது 2,30,000 மட்டும் என்றால், 2 லட்சம் போக மீதி 30,000-க்கு 3 சதவீதம், வெறும் 900 கிடைக்கும். மீதி வசூல் அடுத்த மாதம் வரும்போது அந்த மாதத்தின் முதல் 2 லட்சக் கழிவு மறுபடியும் குறுக்கே நிற்கும். பழைய ஆளுக்கு முந்தைய மாதங்களின் வசூல் வந்துகொண்டே இருப்பதால் இது உறைக்காது. புதியவருக்குத் தொடக்கத்தில் கை காலியாகவே இருக்கும். வசூலுக்குத்தான் கமிஷன் என்று வைப்பதில் தவறில்லை, பணம் வராத விற்பனைக்கு நிறுவனமும் கொடுக்க முடியாது. ஆனால் அதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும். முதல் 3 மாதங்களுக்குக் கழிவை 2 லட்சத்திலிருந்து குறைத்து வைத்தால் இன்னும் நல்லது.

வரியும் தள்ளுபடியும் போன தொகையா, சேர்த்த தொகையா என்பதும் இதே வாக்கியத்தில் அடங்கிவிடும். திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்த கமிஷனைப் பிற்பாடு பிடிப்பீர்கள் என்றால், எத்தனை நாளுக்குள் திரும்பினால் என்று ஒரு எண் போடுங்கள்.

நிலையான சம்பளத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சில இடங்களில் 20,000 என்பது உண்மையில் சம்பளமே இல்லை. கமிஷனிலிருந்து பிறகு கழித்துக்கொள்ளும் முன்பணம். உங்களுடையது அப்படி இல்லை என்றால், “டார்கெட் எட்டாவிட்டாலும் முழுமையாக உண்டு” என்ற நான்கு சொற்களைச் சேருங்கள். விற்பனைத் துறையில் சில இடம் மாறியவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

கமிஷன், இன்சென்டிவ் இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடாதீர்கள். விற்ற தொகையில் சதவீதமாகக் கிடைப்பது கமிஷன். குறிப்பிட்ட இலக்கை எட்டினால் மொத்தமாகத் தருவது இன்சென்டிவ். உங்களிடம் இருப்பது கமிஷன் மட்டும்தான். “இன்சென்டிவ் உண்டு” என்று படித்தவர், கமிஷனோடு தனியாக இன்னொரு தொகையும் வரும் என்று எண்ணியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் சொன்ன எண்களை வைத்து, கமிஷன் வசூலுக்குத்தான் என்றும் அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே என்றும் கொண்டு, நான் எழுதினால் செய்தி இப்படி இருக்கும்:

“சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை. நிலையான சம்பளம் மாதம் 20,000, பிடித்தங்களுக்கு முன். டார்கெட் எட்டாவிட்டாலும் முழுமையாக உண்டு. மாத டார்கெட் 4 லட்சம். வரி, தள்ளுபடி போக அந்த மாதம் வசூலான தொகை மட்டும் கணக்கில் வரும். கமிஷன்: முதல் 2 லட்சத்துக்கு இல்லை. 2 முதல் 4 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 3%. 4 லட்சத்துக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் 5%. எடுத்துக்காட்டாக, வசூல் 1,80,000 என்றால் மொத்தம் 20,000. 3,10,000 என்றால் 23,300. 4,00,000 என்றால் 26,000. 5,00,000 என்றால் 31,000. கமிஷன் அடுத்த மாதச் சம்பளத்தோடு வரும். வாடிக்கையாளர்கள் பணம் தர நாளாகும் என்பதால் முதல் மாதத்தில் கமிஷன் குறைவாகவே இருக்கும்.”

இதன் கீழே நடுத்தொகையையும், இப்போது இருப்பவர்களில் எத்தனை பேர் போன மாதம் டார்கெட்டை எட்டினார்கள் என்பதையும் சேருங்கள். ஒருவரும் எட்டவில்லை என்றால், செய்தியை அனுப்புவதற்கு முன் திருத்த வேண்டியது டார்கெட்டை.

எடுத்துக்காட்டில் டார்கெட்டுக்குக் கீழே இரண்டு மாதங்களை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். நல்ல மாதத்தை மட்டும் காட்டும் எடுத்துக்காட்டு, “45,000 வரை” என்பதன் மறுவடிவம். இப்படி அனுப்பினால் விசாரித்து வரும் அழைப்புகள் போன முறையை விடக் குறையலாம். 31,000 எடுக்க 5 லட்சம் வசூலிக்க வேண்டும் என்று தெரிந்தே அழைக்கிறவரிடம், சரக்கு எவ்வளவு நாள் கடனுக்குப் போகிறது, எந்தப் பகுதி அவருக்கு, பழைய வாடிக்கையாளர்களின் வசூல் அவர் கணக்கில் சேருமா என்று உடனே பேச்சை எடுக்கலாம். அவரே கேட்பார், பதிலை வைத்துக்கொண்டிருங்கள்.

வேலை விட்டுப் போகிறவர் ஏற்கெனவே விற்று, பின்னால் வசூலாகும் தொகைக்குக் கமிஷன் உண்டா என்பதைச் செய்தியில் போட வேண்டியதில்லை. அது நியமனக் கடிதத்துக்கு உரியது. அந்தக் கடிதத்தில் கமிஷன் பற்றி வரும் வரிகள், செய்தியில் உள்ள அதே சொற்களில், அதே எண்களில் இருக்கட்டும்.