ருபெல்லா, சின்னம்மை அறிக்கையில் "நெகட்டிவ்" என்பது நல்ல செய்தி அன்று

கேள்வி: "குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ரத்தப் பரிசோதனையில் ருபெல்லா ஐஜிஜி நெகட்டிவ், சின்னம்மை ஐஜிஜி ஈக்விவோக்கல் என்று வந்திருக்கிறது. சிறுவயதில் அம்மை போட்டதாக அம்மா சொல்கிறார். இதை அப்படியே விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் இந்த இரண்டு நோய்களில் எது தொற்றினாலும் தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து. இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆனவை என்பதால் கர்ப்பம் தரித்த பிறகு போடமாட்டார்கள். பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். எனவே உங்களுக்கு இப்போது இருக்கும் சில மாதங்கள்தான் இதற்கான காலம்.

நான் மருத்துவர் அல்லள். நடுநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித் தரும் ஆசிரியை. இதே அறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆறு வாரங்களை இழந்தவள் என்பதால் மட்டுமே எழுதுகிறேன். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்கள் மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரியில், எனக்கு 29 வயதானபோது, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். மாலையில் அறிக்கையை வாங்கப் போனபோது அங்கிருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நெகட்டிவ்தான் மேடம், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் நெகட்டிவ் என்ற சொல்லைக் கேட்டாலே நிம்மதிப் பெருமூச்சு விடப் பழகியிருந்தோம். என் கணவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அறிக்கையைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பிப்ரவரி இறுதியில் மருத்துவரிடம் போனபோது அவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேட்ட முதல் கேள்வி, "இந்த மாதம் நாள் தள்ளிப் போயிருக்கிறதா?" என்பதுதான். அன்று சிறுநீர்ப் பரிசோதனை முடிந்து அந்தப் பட்டையில் ஒற்றைக் கோடு மட்டும் தெரியும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இன்றும் மறக்கவில்லை.

அவர் விளக்கியது இதுதான். ஐஜிஜி என்பது ஒரு நோயை உடல் ஏற்கெனவே சந்தித்து, எதிர்க்கக் கற்றுக்கொண்டதற்கான அடையாளம். அந்தச் சந்திப்பு நோயாகவும் இருக்கலாம், தடுப்பூசியாகவும் இருக்கலாம். ஆகவே இந்த அறிக்கையில் பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு உண்டு, நெகட்டிவ் என்றால் பாதுகாப்பு இல்லை. ருபெல்லாவுக்குப் பெரும்பாலான கூடங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 சர்வதேச அலகு என்பதை எல்லையாக வைக்கின்றன. எனக்கு வந்தது 3.2. சின்னம்மைக்கு அந்தக் கூடம் ஒரு விகித எண்ணைக் கொடுத்திருந்தது, 1.1-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, எனக்கு 0.4. பரிசோதனைக் கருவிக்குக் கருவி இந்த எல்லைகளும் அலகுகளும் மாறும் என்பதால், என் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாமல், உங்கள் தாளிலேயே வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் ஈக்விவோக்கல் என்பது நெகட்டிவ் எல்லைக்கும் பாசிட்டிவ் எல்லைக்கும் நடுவில் விழுந்த, எப்பக்கமும் தீர்மானிக்க முடியாத எண். தடுப்பூசி போட்ட பதிவும், சின்னம்மை வந்ததற்கான உறுதியான நினைவும் இல்லாவிட்டால், அதைப் பாதுகாப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் அம்மா சொல்வதற்கு வருகிறேன், ஏனென்றால் என் அம்மாவும் அதையேதான் சொன்னார். "உனக்கு நாலு வயசுல அம்மா வந்து இறங்கினா, வேப்பிலையில படுக்க வெச்சு, மூணாவது தண்ணி ஊத்தின பிறகுதான் வெளியவே விட்டேன்" என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நம் வழக்கில் அம்மை என்ற ஒரே சொல் பல நோய்களுக்கு நிற்கிறது. என் பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டபோது, உடம்பெல்லாம் மணலைத் தூவினாற்போல் சிவந்து பொரிந்தது, கண் சிவந்து இருமல் விடவே இல்லை என்றார். அது தட்டம்மை, அதாவது மணல்வாரி. சின்னம்மை என்றால் நீர் கோத்த கொப்புளங்கள் அலை அலையாகக் கிளம்பி, புதியதும் காய்ந்ததும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்கும், அரிப்பும் இருக்கும். உங்கள் அம்மாவிடம் "அம்மை வந்ததா?" என்று கேட்காமல், "நீர்க் கொப்புளம் வந்ததா, கண் சிவந்து இருமல் இருந்ததா?" என்று கேளுங்கள். கொப்புளம் என்று அவர் தெளிவாகச் சொன்னால், மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் நடுநிலை எண்ணை அவர் வேறு விதமாகப் படிக்கக்கூடும். ருபெல்லாவுக்கோ நினைவு எதற்கும் உதவாது. லேசான காய்ச்சலோடும் இரண்டு மூன்று நாள் தடிப்போடும் போய்விடும் நோய் அது. பலருக்கு எதுவும் தெரியாமலேயே வந்து போகும்.

"அம்மை ஊசி போட்டிருக்கிறது" என்ற பேச்சும் இதே போன்றதுதான். மஞ்சளேறிய என் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதத்தில் ஓர் ஊசி பதிவாகியிருந்தது. ஆனால் அந்நாளில் அரசு போட்டது தட்டம்மைக்கு மட்டுமான ஊசி. ருபெல்லா அதில் இல்லை. தட்டம்மை ருபெல்லா கூட்டுத் தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான், அதுவும் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பயந்து வந்த பெற்றோரிடம் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு 24 வயது. அந்த ஊசி எனக்கு இல்லை என்பது என் சிந்தையில் படவே இல்லை. இன்று குழந்தைக்குத் திட்டமிடும் வயதில் இருப்பவர்களில் பலர், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியைத் தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் ஒழிய, என்னைப் போலவே ருபெல்லா ஊசி போடாதவர்கள்தான்.

எனக்கு நடந்த வரிசையைச் சொல்கிறேன். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, மார்ச் 5 அன்று ஒரு கையில் எம்எம்ஆர், மறு கையில் சின்னம்மை ஊசியின் முதல் தவணை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் நடுவில் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும் என்றார். பெரியவர்களுக்குச் சின்னம்மை ஊசி இரண்டு தவணை, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில். என் இரண்டாம் தவணை ஏப்ரல் 16. அதிலிருந்து ஒரு மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும் என்பதால் மே 16 வரை எச்சரிக்கையாக இருந்தோம். உங்களுக்கு ருபெல்லா ஊசி மட்டுமே தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், ஒரு தவணையும் ஒரு மாதக் காத்திருப்பும் போதும். எம்எம்ஆர் போட்ட இரண்டாவது வாரத்தில் எனக்கு விரல் கணுக்களும் மணிக்கட்டும் வலித்தன. காலையில் சாக்பீஸ் பிடிக்கவே சிரமமாக இருந்தது. வளர்ந்த பெண்களுக்கு ருபெல்லா ஊசியால் இப்படி வருவதுண்டு, ஐந்தாறு நாளில் அது தானாகவே போய்விட்டது. தெரியாமல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஊசி போட்டுவிட்டால் கருவைக் கலைக்க வேண்டும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். காத்திருக்கச் சொல்வது முன்னெச்சரிக்கைக்காக. அப்படி நேர்ந்ததைக் காரணமாக வைத்துக் கருக்கலைப்புப் பரிந்துரைப்பதில்லை.

ஊசிக்குப் பிறகு மறுபடி ரத்தம் கொடுத்து எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. சின்னம்மைக்கு அது வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். நோய் வந்து உண்டாகும் எதிர்ப்பை விட ஊசியால் உண்டாகும் எதிர்ப்பணுக்களின் அளவு குறைவு, வழக்கமான பரிசோதனைகள் அதைத் தவறவிடும், பாதுகாப்பு இருந்தும் நெகட்டிவ் என்று வந்து வீணாகக் கலங்குவீர்கள் என்றார். இரண்டு தவணையும் போட்டதற்கான பதிவுதான் சான்று. ருபெல்லாவிலும், போட்ட பதிவு இருக்கும்போது எண் குறைவாக வந்தால், இன்னொரு தவணை போட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடம் எனக்கு எடுத்தது, கருவைப் பாதிக்கக்கூடிய பல தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் "டார்ச்" என்ற பரிசோதனைத் தொகுப்பு. அதில் ஐஜிஜியோடு ஐஜிஎம் என்பதும் இருந்தது. ஐஜிஎம் புதிய தொற்றைக் காட்டுவதற்கானது. காய்ச்சலோ தடிப்போ இல்லாதவருக்கு அதைப் பார்த்தால் பொய்யாகப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு அதிகம். எங்கள் பள்ளியில் உடன் பணிபுரிபவர் ஒருவர் அப்படி வந்த ஓர் எண்ணுக்காக மூன்று மாதம் அழுதார். தடுப்பூசி வேண்டுமா என்று தீர்மானிக்க ஐஜிஜி மட்டும் போதும். மற்றதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, நெகட்டிவின் பொருளைச் சொல்ல ஆளில்லாமல் அனுப்புவது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

"எங்கள் பாட்டி எட்டுப் பெற்றார், எந்த ஊசி போட்டார்?" என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். பாட்டிமாரில் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே ருபெல்லா வந்து போயிருக்கும். வராதவர்களுக்குப் பிறந்த குழந்தை காது கேளாமலோ, கண்ணில் புரையோடோ, இதயக் கோளாறோடோ இருந்தபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தொடர்பை 1941-இல் முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். முதல் பன்னிரண்டு வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். சின்னம்மையில் குழந்தைக்கு நேரும் ஊனம் அரிது, நூற்றுக்கு ஒன்றிரண்டு. ஆனால் கர்ப்பிணிக்கு நுரையீரல் அழற்சி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

2023 பொங்கலுக்கு மாமியார் வீட்டில் இருந்தோம். எனக்கு ஐந்தாம் மாதம். போகியன்று இரவு கொழுந்தனாரின் ஆறு வயது மகன் என் பக்கத்தில்தான் படுத்து உறங்கினான். மாட்டுப் பொங்கலன்று காலையில் அவன் சட்டையைக் கழற்றியபோது முதுகில் நான்கு நீர்க் கொப்புளங்கள் இருந்தன. கொப்புளம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை பரவும். எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணியாக இருந்திருந்தால் எதிர்ப்பணுக்களையே நேரடியாக உடலில் செலுத்தும் ஊசியைப் பத்து நாளுக்குள் தேடி அலைய வேண்டியிருக்கும். மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்தேன். அவர் இரண்டு தவணைகளின் தேதியை மட்டும் கேட்டார். கைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து மார்ச் 5, ஏப்ரல் 16 என்று வாசித்தேன். "சரி, குழந்தையிடம் இருந்து தள்ளி இருங்கள், மூன்று வாரத்துக்குள் கொப்புளம் ஏதும் கண்டால் நேரில் வராமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள்" என்றார். எதுவும் வரவில்லை.