குரோட்டன்ஸ் பச்சையாகிப் போனால் எவ்வளவு வெயில் காட்ட வேண்டும்?

கேள்வி: வாங்கும்போது சிவப்பும் மஞ்சளுமாக இருந்த குரோட்டன்ஸ், வீட்டுக்குள் வைத்த நான்கு மாதத்தில் வெறும் பச்சையாகிவிட்டது. எவ்வளவு வெளிச்சம் கொடுத்தால் பழைய நிறம் வரும்?

தினமும் நான்கு, ஐந்து மணி நேரம் இலை மேல் நேரடியாக வெயில் பட வேண்டும். காலை வெயிலாக இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் இன்றைக்கே தொட்டியைத் தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் பாதிச் செடியைக் கருக்கினேன்.

என் செடி ஹாலில், ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. எனக்கு அந்த இடம் வெளிச்சமாகத்தான் தெரிந்தது, பகலில் விளக்குப் போடாமல் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ஒருநாள் கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கிப் பார்த்தேன். இலைகளுக்குப் பக்கத்தில் 300 லக்ஸ் காட்டியது. ஜன்னல் விளிம்பில் 2,500. பால்கனியில் காலை ஒன்பது மணி வெயிலில் 40,000. கைப்பேசி அளவு துல்லியமாக இருக்காது, இருந்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரிய அது போதும். நம் கண் இருட்டுக்குத் தகுந்தபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதனால் நூறு மடங்கு குறைந்த வெளிச்சம்கூட நமக்குக் கொஞ்சம் மங்கலாக இருப்பதுபோலத்தான் படும். செடிக்கு அந்த வசதி கிடையாது.

இருட்டில் ஏன் பச்சையாகிறது என்றால், இலையின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. கடும் வெளிச்சம் இலையைத் தாக்காமல் இருக்க இது ஒரு திரைபோல உதவுகிறது. வெளிச்சமே இல்லாத இடத்தில் திரை எதற்கு? செடி அதைத் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டுகிறது. கூடிய பச்சையம் மஞ்சள் நிறமிகளையும் மூடிவிடும். ஆக, உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை, இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தழைச்சத்து அதிகமான உரம் போட்டால் பச்சை இன்னும் கூடும்.

இனி நான் செய்த தப்பு. ஹாலில் ஐந்து மாதம் இருந்த செடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். அன்று உச்சி வெயிலும் அதன் மேல்தான் அடித்தது. சாயங்காலம் பார்த்தால் மேல் இலைகளில் பச்சை வெளுத்து, வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. இரண்டு நாளில் அந்த இடம் காகிதம்போலக் காய்ந்து பழுப்பானது. ஓர் இலையில், அதற்கு மேலே இருந்த இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் அப்படியே பச்சையாக நின்றது. நிழலின் விளிம்பு கோடு போட்டாற்போல இருந்தது. திட்டு வெயிலால் வந்ததா, பூஞ்சையால் வந்ததா என்று சந்தேகம் வந்தால் இதைப் பாருங்கள்: வெயில் சுட்ட தழும்பு சூரியனைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும், நாளாக நாளாகப் பரவாது.

அந்த இலைகளை வெட்டினேன். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வடியும் பால் சிலருக்கு அரிப்பு தரும். அப்புறம் நிதானமாக ஆரம்பித்தேன். முதல் வாரம் பால்கனியில் வெயில் நேராகப் படாத மூலையில் வைத்தேன். அடியிலிருந்து ஐந்தாறு இலை உதிர்ந்தது. இடம் மாற்றினாலே குரோட்டன்ஸ் இப்படி இலை கொட்டும், பயந்துபோய் மறுபடி உள்ளே தூக்கி வைத்தால் இன்னும் கொட்டும். இரண்டாவது வாரம் காலையில் ஒரு மணி நேரம் வெயில். அதற்குப் பிறகு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டினேன். நாலாவது வாரக் கடைசியில் நான்கு மணி நேரம் வந்தது. வெளியே மண் சீக்கிரம் காய்வதால் தண்ணீரும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் துளிர் வந்தது. அது இளம்பச்சையாக, நரம்பு மட்டும் மஞ்சளாக இருந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் வெயில் வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சிவப்பு வகைகள் பலவற்றில் துளிர் பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும், இலை முற்ற முற்றத்தான் நிறம் ஏறும். என் செடியில் மஞ்சள் நரம்பு முதலில் ஆரஞ்சானது, பிறகு சிவந்தது, அந்தச் சிவப்பு நரம்பிலிருந்து மெல்ல இலைக்குள் கசிந்தது. துளிர் விரிந்து முழு நிறம் வர ஐந்து வாரம் பிடித்தது.

பழைய பச்சை இலைகளில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். என்னுடையதில் இரண்டு இலையின் நடு நரம்பில் மட்டும் லேசாகச் சிவப்பு ஏறியது, மற்றவை கடைசிவரை பச்சைதான். ஆனாலும் அவற்றை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், புதுத் துளிருக்குச் சாப்பாடு போடுவது அவைதான். மேலே ஏழெட்டுப் புது இலை வந்த பிறகு எடுக்கலாம்.

வெளியே வைக்க இடமே இல்லை என்றால்? தடையில்லாமல் வெயில் உள்ளே வரும் ஜன்னலை ஒட்டி, இலை கண்ணாடியைத் தொடும் அளவுக்கு நெருக்கி வையுங்கள். கூலிங் பேப்பர் ஒட்டிய கண்ணாடி வெளிச்சத்தில் பெரும்பங்கை நிறுத்திவிடும், அந்த ஜன்னல் உதவாது. லக்ஸ் எல்லாம் பார்க்க வேண்டாம் என்றால், வெயில் வரும் நேரத்தில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி அழுத்தமான நிழல் விழுந்தால் நிறம் வரும். மங்கலான நிழல் விழுந்தால் செடி உயிரோடு இருக்கும், பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். மஞ்சள் புள்ளி போட்ட வகை மட்டும் கொஞ்சம் குறைந்த வெளிச்சத்திலும் நிறத்தைத் தக்கவைக்கும். வீட்டுக்குள்தான் வைப்பேன் என்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. போதிய வெயில் கிடைத்து, மற்ற கிளைகள் எல்லாம் நிறத்தோடு இருக்கும்போது ஒரே ஒரு கிளை மட்டும் புள்ளியோ கோடோ இல்லாமல் முழுப் பச்சையாக வந்தால், அது வெளிச்சக் குறை இல்லை. அந்தக் கிளை திரிந்துபோய்விட்டது, எவ்வளவு வெயில் காட்டினாலும் மாறாது. பச்சையம் அதிகம் என்பதால் மற்றதைவிட வேகமாகவும் வளரும். அதைக் கிளம்பும் இடத்தோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.