ஒரே படம், வேறு வேறு அலமாரி: ரசாயன லேபிள் கேள்வி பதில்

ரசாயனக் கிடங்குப் பாதுகாப்புதான் என் வேலை. லேபிளைப் பார்த்து எதை எங்கே வைப்பது என்ற கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"மேடம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறேன். உலோகத்தையும் கையையும் அரிப்பது போன்ற படம் போட்ட பாட்டில்களை எல்லாம் ஒரே அலமாரியில் அடுக்கிவிட்டேன். அடர் நைட்ரிக் அமிலம், கிளேசியல் அசிட்டிக் அமிலம், காஸ்டிக் சோடா மூன்றும் அங்கேதான். சரிதானே?"

இல்லை. இன்றைக்கே பிரித்துவிடுங்கள். சிவப்புக் கரை போட்ட அந்தப் படம், உள்ளே இருக்கும் பொருள் உங்களுக்கும் உலோகத்துக்கும் என்ன செய்யும் என்று மட்டும் சொல்கிறது. பக்கத்துப் பாட்டிலோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒரே அரிப்புப் படம்தான். இரண்டும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும்.

நைட்ரிக், அசிட்டிக் இரண்டும் அமிலம்தானே என்று நினைப்பீர்கள். இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்து லேபிளைச் சேர்த்துப் படியுங்கள். அசிட்டிக் பாட்டிலில் அரிப்புப் படத்தோடு தீச்சுடர் படமும் இருக்கும். சுமார் 39 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். 70 சதவீத நைட்ரிக் பாட்டிலில் அரிப்புப் படத்தோடு வட்டத்தின் மேல் சுடர் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில், துணி மற்றும் எரியக்கூடிய பொருள்களிடமிருந்து விலக்கி வை என்று ஒரு வாசகம். P220 என்பது அதன் எண். இப்போது பாருங்கள்: ஒரு லேபிள் "எரியக்கூடியதிடமிருந்து என்னை விலக்கு" என்கிறது, மற்றது "நான் எரியக்கூடியவன்" என்கிறது. நீங்கள் இரண்டையும் தோளோடு தோள் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரு பாட்டில் கசிந்து இரண்டும் கலந்தால் சூடேறும், பழுப்பு நிறப் புகை வரும். மூடிய இடத்தில் அழுத்தம் ஏறினால் வெடித்துச் சிதறும். சில நேரம் இது உடனே நடக்காது, ஆள் போன பிறகு நடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் 65 சதவீதத்துக்குக் குறைந்த நைட்ரிக் அமிலத்துக்கு அந்த வட்டச் சுடர் வராது. அதனால் 60 சதவீதப் பாட்டிலில் படத்தைக் காணோம் என்று அசிட்டிக் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். படம் ஒரு எல்லையில் மறையும், வேதிவினை மறையாது.

வைக்க வேண்டிய முறை இதுதான். நைட்ரிக் தனியாக, தனி பிளாஸ்டிக் தட்டில், தோள் உயரத்துக்குக் கீழே. இரும்புத் தட்டு வேண்டாம், அரித்துவிடும். அசிட்டிக், தீப்பிடிக்கும் கரைப்பான்களின் அலமாரியில் தனித் தட்டில். காஸ்டிக் சோடா வேறு அலமாரியில், நன்றாக மூடி, ஈரம் படாமல், அலுமினியம் அருகில் இல்லாமல். தட்டு, உள்ளே நிற்கும் பெரிய பாட்டில் முழுக்கக் கொட்டினாலும் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.

"தீச்சுடர் படமும் வட்டத்துக்கு மேல் சுடர் படமும் ஒன்றுதானே? இரண்டுமே நெருப்புதானே?"

ஒன்றல்ல. வெறும் சுடர் என்றால் அந்தப் பொருள் எரியும். வட்டத்தின் மேல் சுடர் என்றால் அது மற்றதை எரிய வைக்கும், நெருப்புக்கு ஆக்சிஜன் கொடுத்து வளர்க்கும். அந்த இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் எரிபொருளையும் ஆக்சிஜனையும் நீங்களே சேர்த்து வைத்தது போலாகும். ஆக்சிஜனேற்றிகளை மரத் தட்டில் வைப்பதும், கொட்டியதை மரத்தூளில் ஒற்றி எடுப்பதும் கூடாது.

"அசிட்டோன் லேபிளில் குளிர்ச்சியாக வைக்கவும் என்று இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். போதுமா?"

உடனே வெளியே எடுங்கள். இந்த ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது: வீட்டு ஃபிரிட்ஜில் தீப்பிடிக்கும் கரைப்பானை வைக்காதீர்கள். அசிட்டோன் ஆவி சுமார் மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றும். உங்கள் ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். அதாவது உள்ளேயும் ஆவி எரியும் நிலையில்தான் இருக்கிறது. மூடி சரியில்லாத பாட்டிலில் இருந்து அது மெல்லக் கசிந்து பெட்டிக்குள் நிறையும். தெர்மோஸ்டாட்டோ விளக்கின் சுவிட்சோ ஒரு பொறி விட்டால் கதவு பறந்துவிடும்.

அந்த வாசகம், P403-ஐயும் P235-ஐயும் சேர்த்தது, காற்றோட்டமுள்ள இடத்தில் வெயிலும் வெப்பமும் படாமல் வை என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை முக்கியம் என்றால் லேபிளே டிகிரியைச் சொல்லும். ஸ்பிரே டப்பாவில் 50 டிகிரியைத் தாண்டாதே என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்பதனம் உண்மையிலேயே தேவைப்படும் பொருளுக்கு உட்புறம் பொறி வராதபடி கட்டிய ஃபிரிட்ஜ் கிடைக்கிறது, அது வேறு சாதனம்.

"ஆச்சரியக்குறி படம் இல்லை என்றால் தோலில் எரிச்சல் தராது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கூடாது. பெரிய படம் வந்துவிட்டால் சிறிய படம் விடப்படும். கண்ணையும் தோலையும் அரிக்கும் பொருளில் அரிப்புப் படம் இருந்தால், அதே கண், தோல் எரிச்சலுக்காக ஆச்சரியக்குறியைத் தனியாகப் போடமாட்டார்கள். மண்டை ஓடு இருக்கும்போது நச்சுத்தன்மைக்காக ஆச்சரியக்குறி வராது. எத்தனை படம் என்று எண்ணி ஆபத்தை அளக்காதீர்கள்.

"சில டப்பாக்களில் வரும் வைர வடிவப் படத்தில் நீல, சிவப்பு, மஞ்சள் பெட்டிக்குள் எண் இருக்கும், 1 என்றால் அதிக ஆபத்து. அதை வைத்து அடுக்கினால் போதும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார்."

வைரம் இருப்பது சரி, எண்ணின் திசை தலைகீழ். அந்தப் பல நிற வைரம் தீயணைப்பு வீரர்களுக்காக வந்தது, அதில் 0-வில் தொடங்கி 4-தான் மிகக் கடுமை. நாம் இதுவரை பேசிய சிவப்புக் கரைப் படங்கள் வரும் உலகப் பொது முறையான ஜிஎச்எஸ் வகைப்பாட்டில்தான் 1 என்பது கடுமையானது, அந்த எண் லேபிளில் வருவதில்லை, தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவு ஏட்டில் இருக்கும். இரண்டையும் கலந்து படித்தால் மிக மோசமான பொருளை மிகச் சாதாரணமானது என்று வைத்துவிடுவீர்கள்.

"கழிப்பறை கிளீனர் தெரியாமல் கண்ணில் தெறித்தது, என்ன செய்வது?"

இது சேமிப்புக் கேள்வி இல்லை. லேபிளில் P305 தொடங்கி வரும் வரிகளில் சொன்னபடி பல நிமிடங்கள் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எளிதாக வருமா என்று பார்த்து எடுங்கள். பாட்டிலோடு மருத்துவரிடம் போங்கள். இப்போதே.

"சுடர் படம் போட்ட டப்பாவையும் வட்டச் சுடர் டப்பாவையும் ஒன்றாக வைக்கலாமா?"

மேலே இரண்டாவது பதில்.

"P405 பூட்டி வை என்கிறது. P403 காற்றோட்டமுள்ள இடத்தில் வை என்கிறது. பூட்டிய அலமாரியில் காற்று எங்கே வரும்?"

நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டும் ஒரே பாட்டிலில் சேர்ந்து வரும். காற்றோட்டம் அறைக்கு, பூட்டு அலமாரிக்கு என்று பிரித்துப் பாருங்கள். அறையில் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும், சாவி பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும். ஆவி நச்சாக இருந்தால் அலமாரியையே உறிஞ்சு குழாயோடு இணைக்கச் சொல்வேன்.

"மேடம், நான் தீ பாதுகாப்புப் பொறியாளர். அந்தக் கடைசி வரியை ஏற்கமாட்டேன். கரைப்பான் அலமாரிக்குத் துளை போட்டால் நெருப்பு வந்தால் அதன் சுவர் பயனில்லை. தீப்பிடிக்கும் திரவங்களுக்கான அமெரிக்க விதித் தொகுப்பான என்எஃப்பிஏ 30-ம் அலமாரிக்குக் காற்றோட்டம் கட்டாயம் என்று சொல்லவில்லை. பாட்டிலை இறுக மூடினால் ஆவியே வராது."

துளை போடக்கூடாது என்பதில் உங்களோடுதான் இருக்கிறேன் சார். நான் சொன்னது அலமாரியில் தயாரிப்பாளரே வைத்த காற்றுத் திறப்பில், அதன் அடைப்பை எடுத்து, உலோகக் குழாய் இணைப்பது. ஆனால் "இறுக மூடினால் ஆவியே வராது" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊற்றும்போது கழுத்தில் வழிந்த துளி, விரிசல் விட்ட மூடி, பாதி திருகிய மூடி இவை எல்லாம் நாள்தோறும் பார்ப்பவை.

"கழுத்தில் வழிந்தால் துடைக்க வேண்டும். அதற்காகக் குழாய் போட்டு நெருப்புக்கு வழி திறப்பதா?"

துடைக்க வேண்டும்தான். துடைக்காத நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் என் கவலை. தீ மட்டும் பயம் என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. மூச்சில் போகும் நச்சும் சேரும்போது நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருவரும் ஒரே பாட்டிலுக்கு வேறு வேறு ஆபத்தை முன்னால் வைத்துப் பேசுகிறோம், அந்தந்த இடத்தின் தீயணைப்புத் துறையோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது.

"நீங்கள் இருவரும் பேசுவதில் என் பிரச்சினையும் சொல்கிறேன். எங்கள் அலமாரியில் மூடியெல்லாம் இறுக்கம்தான். ஆனாலும் பாட்டில்கள்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. தூசி என்று துடைத்தால் மறுபடி வருகிறது."

அந்த அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாவும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டின் ஆவியும் காற்றில் சந்தித்து அமோனியம் குளோரைடாகப் படிவதுதான் அந்த வெள்ளைப் பொடி. விரலால் கோடு போட்டால் மெல்லிய படலமாகத் தெரியும், மூடிகளின் ஓரத்தில் அதிகமாக இருக்கும். அமிலப் பாட்டிலுக்கு அருகில் உள்ள கீல் துருப்பிடித்திருக்கும். இரண்டு பாட்டிலிலும் அரிப்புப் படம் இருப்பதால்தான் யாரோ ஒன்றாக வைத்திருப்பார்கள். மூடி இறுக்கமாக இருந்தும் ஆவி வருகிறது என்பதற்கு, பொறியாளர் சார், இதைவிட என்னால் எதையும் காட்ட முடியாது.

பிரித்து வைத்துவிட்டு, தரவு ஏட்டின் 7-ஆம் பிரிவையும் 10-ஆம் பிரிவையும் படியுங்கள். எதனோடு சேரக்கூடாது என்ற பட்டியல் 10-இல் இருக்கும். லேபிளில் இடம் போதாதது அங்கே விரிவாக வருகிறது.

"லேபிள் கிழிந்துபோன கேனைத் தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைத்தால் என்ன?"

வேண்டாம். குடிக்கும் பாட்டிலில் எந்த ரசாயனமும் கூடாது, ஒருநாள் கூட. உள்ளே என்ன என்று உறுதியாகத் தெரிந்தால், அதே கேனுக்குப் பெயர், படங்கள், வாசகங்களோடு புது லேபிள் ஒட்டுங்கள். தெரியாவிட்டால் அறியாத கழிவாகத் தனியே வைத்து அகற்றக் கொடுங்கள், ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

"30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில். அதன் மூடி தொலைந்ததால் நல்ல இறுக்கமான வேறு மூடி போட்டுவிட்டேன். லேபிளில் வட்டச் சுடர் இல்லை, அரிப்புப் படம்தான். பயமில்லையே?"

பயம் இருக்கிறது. ஐரோப்பிய வகைப்பாட்டில் 50 சதவீதத்தில் இருந்துதான் அந்தப் படம் வரும், உங்களுடையது அதற்குக் கீழே. ஆனால் அது மெல்ல மெல்லத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் முழுவதும் பிரிந்தால் சுமார் 100 லிட்டர் ஆக்சிஜன். அதனால்தான் அதன் அசல் மூடியில் வாயு வெளியேற வழி இருக்கும். இறுக்க மூடி போட்டால் அழுத்தம் போக வழியில்லை, துருவோ தூசியோ உள்ளே விழுந்தால் பிரிவது இன்னும் வேகமாகும்.

பாட்டில் உப்பியிருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், ஆட்களை விலக்கி உதவிக்கு அழையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியும் முகக் கவசமும் கையுறையும் போட்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வாயு வெளியேறும் மூடிக்கு மாற்றுங்கள். அப்புறம் நிமிர்த்தி, இருட்டில், கரைப்பான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். படுக்க வைத்தால் அந்தத் துளை வழியாகத் திரவமே வெளியே வரும்.